பொதுப் பங்கின் மதிப்பு பூச்சியம்: டிராடோஸ் தீர்ப்பை நிறுவனர் பக்கமிருந்து வாசித்தல்

டிராடோஸ் வழக்கில் டெலவேர் சான்சரி நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, இயக்குநர் குழு யாருக்குக் கடமைப்பட்டது என்ற கேள்விக்கான விடையாகவே இதுவரை பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளது. அந்த வாசிப்பு தவறன்று. ஆனால் வழக்கின் தொகைகளைப் பார்த்தால், பொதுப் பங்குதாரரின் இழப்பு இயக்குநர் கூட்டத்தில் தொடங்கவில்லை; முதலீட்டு ஒப்பந்தத்திலேயே தொடங்கிவிட்டது என்று கருத இடமிருக்கிறது.

டிராடோஸ் மொழிபெயர்ப்பு மென்பொருள் நிறுவனம். 2005இல் எஸ்டிஎல் அதை 6 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் 5.79 கோடி. அதைக் கழித்தால் பொதுப் பங்குகளுக்கு 21 லட்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் விற்பனை முடிந்தால் நிர்வாகிகளுக்கு ஊக்கத்தொகை தரும் திட்டம் ஒன்று இருந்தது. அது முதலில் 78 லட்சத்தை எடுத்துக்கொண்டது. முன்னுரிமைப் பங்குகளுக்கு 5.22 கோடி கிடைத்தது. பொதுப் பங்குகளுக்கு ஒன்றுமில்லை.

ஊக்கத்தொகைக்காக முதலீட்டாளர்கள் விட்டுக்கொடுத்தது தங்கள் வரவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. பொதுப் பங்குதாரர்கள் இழந்தது முழுவதையும். இரு தரப்பும் 13 விழுக்காடு வீதம் சமமாகச் சுமந்திருந்தால், பொதுப் பங்குகளுக்கு ஏறத்தாழ 18 லட்சம் எஞ்சியிருக்கும். குழுவில் இருந்த நிறுவனர் ஒருவரும் இந்த ஊக்கத்தொகையில் பங்கு பெற்றார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறுவனரின் நலனும் பொதுப் பங்கின் நலனும் எப்போதும் ஒன்றல்ல.

ஏழு இயக்குநர்களில் ஆறு பேர் நடுநிலையானவர்கள் அல்லர் என்று நீதிமன்றம் கண்டது. பேரம் நடந்த விதமும் நியாயமானதன்று என்றது. ஆயினும் இயக்குநர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பொதுப் பங்குக்கு விற்பனைக்கு முன்பே பொருளாதார மதிப்பு இல்லை, ஆகவே கிடைத்த பூச்சியமும் நியாயமான விலைதான் என்பது அதன் காரணம். மதிப்பு ஏன் இல்லாமல் போயிற்று? முன்னுரிமைப் பங்குகளில் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஈவுத்தொகை சேர்ந்துகொண்டே போனது. நிறுவனத்தின் வளர்ச்சி அதைத் தாண்டுமென நீதிமன்றம் நம்பவில்லை. என் வாதம் நிற்பது இந்த இடத்தில்தான்.

டெர்ம் ஷீட்டில் ‘ஒரு மடங்கு’ என்று பார்த்ததும் நிறுவனர்கள் நிம்மதியடைகிறார்கள். 1 கோடி டாலருக்கு 8 விழுக்காடு சேரும் ஈவு, வட்டிக்கு வட்டி இல்லாவிட்டாலும், ஐந்தாண்டில் 40 லட்சம். அப்போது அந்த ஒரு மடங்கு 1.4 மடங்காகிவிடும். இத்தகைய ஈவு இன்று வழக்கத்தில் குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒவ்வொரு சுற்று முதலீடும் தன் முன்னுரிமைத் தொகையைப் பழையதன்மேல் அடுக்குகிறது. எனவே அந்த மறுப்பு என் வாதத்தை அசைக்காது.

ஆன்டி-டைல்யூஷன் விதியை இதே பேச்சில் சேர்த்துக் குழப்புவது வழக்கம். அது பெரும்பாலும் முன்னுரிமைத் தொகையைத் தொடுவதில்லை. முன்னுரிமைப் பங்கைப் பொதுப் பங்காக மாற்றும் விலையைத்தான் இறக்குகிறது. நிறுவனரிடம் 80 லட்சம் பங்குகள், முதலீட்டாளரிடம் 1 டாலர் விலையில் வாங்கிய 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு 10 லட்சம் புதிய பங்குகள் 50 சென்டுக்கு விற்கப்படுகின்றன. ‘ஃபுல் ராட்செட்’ இருந்தால் மாற்று விலையும் 50 சென்டாகி, முதலீட்டாளரின் 20 லட்சம் 40 லட்சமாகும். நிறுவனர் பங்கு 61.5 விழுக்காடு. மொத்தப் பங்குகளையும் கணக்கில் கொள்ளும் எடையிட்ட சராசரி முறையில் மாற்று விலை 95.5 சென்டுக்குத்தான் இறங்கும். முதலீட்டாளருக்கு ஏறத்தாழ 20.95 லட்சம் பங்குகள், நிறுவனருக்கு 72.1 விழுக்காடு. சிறிய தொகை திரட்டிய ஒரு சுற்றுக்கே இவ்வளவு வேறுபாடு. ஆனால் இந்த விழுக்காடுகள் பேசுவது நல்ல விலைக்கு விற்கும் நாளில். டிராடோஸ் போல விற்பனைத் தொகை முன்னுரிமைத் தொகையை ஒட்டியே நிற்கும்போது, நிறுவனர் 72 வைத்திருந்தாலும் 61 வைத்திருந்தாலும் வரவு ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒரே தீர்ப்பைக் கொண்டு பொது விதி வகுக்க முடியாது. தீர்ப்பின் முடிவையும் நான் மறுக்கவில்லை. நீதிமன்றம் பிறகு வந்து காக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அதில் இடமில்லை என்பதே என் துணிபு; பேரம் நடந்த விதம் நியாயமற்றது என்று நீதிமன்றமே கண்ட பிறகும் பொதுப் பங்குதாரருக்கு ஒரு டாலரும் கிடைக்கவில்லை.

ஆகவே கையெழுத்திடும் முன் நிறுவனர் தன் வழக்கறிஞரிடம் மூன்று விற்பனை விலைகளுக்கான பங்கீட்டு அட்டவணையைக் கேட்க வேண்டும்: முதலீட்டுத் தொகைக்குச் சமமான விலை, அதன் இரு மடங்கு, ஐந்து மடங்கு. ஒவ்வொன்றிலும் ஐந்தாண்டு ஈவும், நிர்வாகிகளின் ஊக்கத்தொகை யாருடைய வரவிலிருந்து கழிகிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.