துளையிட்டு வார்க்கப்படும் பைல்

மேல்மண் பலமற்றதாக இருக்கும் இடங்களில், கட்டடத்தின் பாரத்தை ஆழத்திலுள்ள கெட்டியான அடுக்குக்குக் கொண்டு சேர்க்கும் கான்கிரீட் தூணே பைல். தரையில் துளை போட்டு, கம்பிக்கூட்டை (கேஜ்) இறக்கி, அந்த இடத்திலேயே கான்கிரீட் நிரப்பி உருவாக்குவது துளையிட்டு வார்க்கும் வகை. அடித்து இறக்கும் பைலைப் போல இது சுற்றியுள்ள மண்ணை நெருக்குவதில்லை, அதிர்வும் குறைவு. அதனால் நெருக்கமாகக் கட்டடங்கள் நிற்கும் நகரங்களில் பெரும்பாலும் இதையே கையாள்கிறார்கள். இந்தியாவில் இதற்கான விதிகள் ஐ.எஸ். 2911, பகுதி 1, பிரிவு 2-இல் உள்ளன.

இந்த வகையின் பெரிய குறை, செய்ததைப் பார்க்க முடியாது என்பது. துளையில் நிற்கும் பென்டோனைட் கலவைக்கு அடியில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தளப் பொறியாளருக்கு இருப்பது முனையில் எடை கட்டிய அளவு நாடாவும், கான்கிரீட் ஊற்றும் குழாயின் நீளக் கணக்கும், வண்டி வண்டியாக ஊற்றிய கான்கிரீட்டின் அளவும் மட்டுமே. இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தெரிந்தால் மண்ணுக்குள் நடப்பதில் பெரும்பகுதியை ஊகித்துவிடலாம்.

சென்னையின் ஆற்றங்கரைப் பகுதிகளில் மணலும் களிமண்ணும் மாறி மாறி வந்து, அவற்றின் கீழே சிதைந்த சார்னோகைட் பாறை தட்டுப்படும். அப்படிப்பட்ட ஒரு தளத்தில் 600 மி.மீ. விட்டமும் 20 மீட்டர் ஆழமும் உள்ள துளையை எடுத்துக்கொள்வோம். கட் ஆஃப் லெவல் தரைக்கு 1 மீட்டர் கீழே இருக்கிறது. துளையின் குறுக்குப் பரப்பு 0.283 சதுர மீட்டர்.

கம்பிக்கூடு இறக்குதல்

விதிப்படி நீளவாட்டுக் கம்பி குறைந்தது 0.4 சதவீதம் வேண்டும். இந்த விட்டத்துக்கு ஆறு 16 மி.மீ. கம்பிகள் அந்த அளவைச் சற்றே தாண்டும். கவர் 75 மி.மீ. வைத்தால் கூட்டின் வெளிவிட்டம் 450 மி.மீ. ஆகும். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருவதால் கூட்டை இரண்டு துண்டாகக் கட்டி, முதல் துண்டைக் கேசிங்கின் வாயில் தொங்கவிட்டு, அதன்மேல் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். இந்த இணைப்பில்தான் அவசரம் தலைகாட்டும். முழு லேப் நீளம் இல்லாமல் இரண்டு புள்ளி வெல்டிங்கோடு இறக்கப்படும் கூடு பாதி வழியில் கழன்றுவிடக்கூடும். எல்லாக் கம்பிகளும் லேப் நீளம் முழுவதும் சேர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே இறக்க அனுமதிக்க வேண்டும்.

கூடு தன் எடையிலேயே இறங்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் துளை சாய்ந்திருக்கிறது, அல்லது சுவர் உள்ளே பிதுங்கியிருக்கிறது என்று பொருள். தூக்கித் தூக்கிப் போட்டு இறக்கினால் கவர் பிளாக்குகள் உடையும். சுவர் மண் சரிந்து அடியில் சேரும். அந்த நிலையில் கூட்டை வெளியே எடுத்துத் துளையைச் சீர் செய்வதே சரி. உருளை வடிவக் கவர் பிளாக்குகள் சுவரோடு உருண்டு இறங்குவதால் மண்ணை அதிகம் சுரண்டுவதில்லை. கூட்டைத் துளையின் அடியில் ஊன்றாமல், கேசிங்கில் பற்றவைத்த கம்பிகளில் தொங்கவிட வேண்டும். தொங்கு கம்பியின் நீளத்தைக் கேசிங்கின் மேல்மட்டத்திலிருந்து கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு தவறினால், கட் ஆஃப் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டிய கம்பி பைல் கேப்புக்குள் போதிய நீளம் நீட்டாது.

அடியைச் சுத்தம் செய்தல்

துளையிட்டு முடிந்ததும் நாடாவை விட்டால் 20.0 மீட்டர் காட்டுகிறது. கூடு இறங்கிய பிறகு 19.7 காட்டினால், அடியில் 300 மி.மீ. சேறு படிந்திருக்கிறது. அதன்மேல் கான்கிரீட் ஊற்றினால் பைலின் நுனி பாறையில் அமராமல் சேற்றில் அமரும். அதனால் ட்ரெமி பைப்பை இறக்கியபின், அதன் வழியாகவே புதிய பென்டோனைட்டைச் செலுத்தி மறுபடியும் கழுவுகிறார்கள். ஆழம் பழைய அளவுக்குத் திரும்பியதா, அடியிலிருந்து எடுத்த கலவையின் அடர்த்தி அனுமதித்த வரம்புக்குள் வந்ததா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். கழுவி முடித்தபின் கான்கிரீட் வண்டி தாமதமானால் மிதக்கும் மணல் மீண்டும் படியும்; அப்போது மறுபடி அளந்து, தேவைப்பட்டால் மறுபடி கழுவ வேண்டும்.

கான்கிரீட் ஊற்றுதல்

ட்ரெமி என்பது 200 மி.மீ. அளவுள்ள எஃகுக் குழாய்; மேலே ஹாப்பர் இருக்கும். கான்கிரீட் இதன் வழியாக அடிக்குப் போய், பென்டோனைட்டை மேலே தள்ளிக்கொண்டு உயர்கிறது. ஸ்லம்ப் 150 முதல் 180 மி.மீ. வேண்டும். கலவை தன் எடையிலேயே பரவ வேண்டும் என்பதால் இங்கே வைப்ரேட்டர் கிடையாது. இறுகிவிட்ட வண்டியில் தண்ணீர் சேர்த்து ஓட்டுவதை அனுமதிக்கக்கூடாது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

குழாயின் வாய் அடியிலிருந்து 200 மி.மீ. மேலே நிற்கட்டும். முதல் ஊற்றிலேயே அந்த வாய் ஒரு மீட்டர் புதைய, துளையில் 1.2 மீட்டர் உயரம் நிரம்ப வேண்டும், அது 0.34 கன மீட்டர். வெளியே நிற்கும் பென்டோனைட்டின் அழுத்தத்தைத் தாங்கக் குழாய்க்குள் நிற்க வேண்டியது இன்னும் கால் கன மீட்டருக்குச் சற்று மேல். ஆக, முதல் வீச்சுக்குச் சுமார் 0.6 கன மீட்டர் தேவை. ஹாப்பர் அதைவிடச் சிறியது என்றால், தட்டைத் திறக்கும் கணத்திலிருந்து வண்டி தடையில்லாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2 கன மீட்டர் ஊற்றியபின் நாடாவை விட்டுப் பார்ப்போம். குழாய்க்குள் நிற்பதைக் கழித்தால் கான்கிரீட்டின் மேல்மட்டம் 13.3 மீட்டர் ஆழத்தை ஒட்டி இருக்க வேண்டும். நாடா 15 என்று காட்டினால் துளை எங்கோ அகன்றிருக்கிறது; கான்கிரீட் கூடுதலாகச் செலவாகுமே தவிர, பெரும்பாலும் ஆபத்தில்லை. 11 என்று காட்டினால்தான் கவலை. அரை கன மீட்டருக்கு மேல் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தை மண் பிடித்திருக்கிறது. பைல் அங்கே ஒடுங்கியிருக்கும். குறைவாகச் செலவானதை மிச்சம் என்று எண்ணி மகிழும் தளங்கள் உண்டு. பைலைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை.

அதே அளவு குழாயைக் கழற்றவும் உதவுகிறது. வாய் 19.8 மீட்டரில், கான்கிரீட் 13.3-இல் என்றால், 6.5 மீட்டர் புதைந்திருக்கிறது. 3 மீட்டர்த் துண்டு ஒன்றைக் கழற்றலாம், 3.5 மீட்டர் மிஞ்சும். இரண்டைக் கழற்றினால் மிஞ்சுவது அரை மீட்டர்தான். துண்டைக் கழற்றிய பிறகும் 2 மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். வாய் வெளியே வந்துவிட்டால் பென்டோனைட்டும் சேறும் நடுவில் புகுந்து, பைல் இரண்டு துண்டாகிவிடும். அதனால் நாடா விட்டு அளக்காமல் ஒரு துண்டையும் கழற்ற விடக்கூடாது.

கான்கிரீட் கூட்டின் அடியை எட்டும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் கூடு மேலே தூக்கப்படலாம். முகப்பில் எழும் கான்கிரீட் சேறு கலந்தது என்பதால், இந்தத் துளையில் கட் ஆஃப் மட்டத்துக்கு மேல் 600 மி.மீ. கூடுதலாக நிரப்பி, பின்னர் உடைத்து எடுக்கிறார்கள். ஆக வார்க்க வேண்டிய நீளம் 19.6 மீட்டர், கணக்களவு 5.5 கன மீட்டர். துளை சற்று அகன்றாலே 6 கன மீட்டர் வண்டி ஒன்று போதாது. இரண்டாவது வண்டி உறுதியான பிறகே தொடங்க வேண்டும்.

பின்னர் செய்யும் சோதனைகள்

பைலின் தலையைச் சுத்தியால் தட்டி எதிரொலியைப் பதிவு செய்யும் ஒருமைச் சோதனை, பெரிய ஒடுக்கத்தையும் முறிவையும் காட்டும். கவர் குறைந்திருப்பதையோ, நுனிக்கடியில் தங்கிய மெல்லிய சேற்றையோ அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. பாரச் சோதனை நம்பகமானது. ஆனால் செலவு காரணமாகச் சில பைல்களுக்கே செய்யப்படுகிறது. எஞ்சிய பைல்கள் ஒவ்வொன்றுக்கும் ஊற்றிய நேரத்தில் எழுதிய ஆழம், கான்கிரீட் அளவு, குழாய் நீளம் ஆகியவற்றின் பதிவேடே முக்கியச் சான்று. அதை வேலை முடிந்தபின் அறையில் உட்கார்ந்து நிரப்பாமல், துளையின் அருகில் நின்று எழுத வேண்டும்.