இரண்டு ரயில்கள், ஒரே நிலையம்: ரோலர் கோஸ்டர் டைகூன் 2 விளையாட்டின் நுணுக்கங்கள்

பூங்கா முகாமைத்துவ விளையாட்டுகளை விளையாடுவோரில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினருக்குப் பூங்கா அழகாக இருந்தால் போதும். மற்ற வகையினர் ஒரு கடையின் விலையைப் பத்துச் சதம் கூட்டிவிட்டு, அதனால் என்ன நடக்கிறது என்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டாவது வகை. இந்தக் கட்டுரையும் அவர்களுக்கானதுதான்.

இந்த வகையினரைக் கவர்ந்த விளையாட்டுகள் முன்பே இருந்தன. 1994 இல் வெளிவந்த தீம் பார்க் விளையாட்டில் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்பதைக்கூட நாமே தீர்மானிக்கலாம். உப்புக் கூடினால் தாகம் கூடும், குளிர்பானம் விற்கும். மிருகக்காட்சிசாலைதான் வேண்டும் என்பவர்களுக்கு 2019 இல் வந்த பிளானட் சூ இருக்கிறது. அதில் ஒவ்வொரு விலங்கின் அடைப்பிலும் புல், மண், மணல், பாறை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்யலாம். நெருங்கிய உறவுள்ள விலங்குகள் இனப்பெருக்கம் செய்தால் குட்டிகளின் உடல்நலம் பாதிக்கப்படும் என்பது வரை அதில் உண்டு. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் அட்டையுள்ள கணினி வேண்டும். எங்களில் பலரிடம் இருப்பது இரண்டாம் கை மடிக்கணினி.

அதனால் 2002 இல் வெளிவந்த ரோலர் கோஸ்டர் டைகூன் 2 விளையாட்டையே நான் சொல்வேன். இதை உருவாக்கிய கிறிஸ் சோயர், 1999 இல் வந்த முதற் பாகத்தை ஏறக்குறைய முழுவதும் அசெம்ப்ளி மொழியில் எழுதியவர். பழைய கணினியிலும் இது தடங்கலின்றி ஓடும். ஆர்வலர்கள் சேர்ந்து OpenRCT2 என்ற இலவசத் திறந்த மூல வடிவத்தையும் உருவாக்கியிருக்கிறார்கள். அது இயங்குவதற்கு மூல விளையாட்டின் கோப்புகள் தேவை, ஆகவே மூல விளையாட்டை ஒரு தடவை வாங்கத்தான் வேண்டும். கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களுக்கு ரோலர் கோஸ்டர் டைகூன் கிளாசிக் என்ற கட்டணப் பதிப்பு இருக்கிறது.

இந்த விளையாட்டில் எத்தனையோ விடயங்களைத் திருகிப் பார்க்கலாம். இங்கே ஒன்றை மட்டும் எடுக்கிறேன்: ஒரே பாதையில் இரண்டு ரயில்களை ஓடவிடுவது.

ஒரு சாதாரண உருக்கு ரோலர் கோஸ்டரைக் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். நிலையத்திலிருந்து புறப்படும் ரயிலைச் சங்கிலி மேலே இழுத்துச் செல்கிறது. பிறகு ஒரு பெரிய இறக்கம், அதன் கீழே ஒரு வளைவு, இரண்டு சிறிய மேடுகள், மீண்டும் நிலையம். திறப்பதற்கு முன் கட்டாயம் சோதனை ஓட்டம் விடுங்கள். அது முடிந்ததும் அளவீட்டுப் பக்கத்தில் பரபரப்பு, தீவிரம், குமட்டல் என்ற மூன்று மதிப்புகள் வரும். அவற்றுக்குக் கீழே பக்கவாட்டு விசையின் உச்ச அளவையும் பாருங்கள். அது 2.80 ஐத் தாண்டினால் தீவிரம் சடுதியாக ஏறும். 3.10 ஐத் தாண்டினால் பரபரப்பு பாதியாகக் குறையும். மாதக்கணக்கில் காசு சேர்த்துக் கட்டியதில் ஒருவரும் ஏறாமல் போவதற்குக் காரணம் பல தடவை இதுதான். பாதை முழுவதையும் இடிக்கத் தேவையில்லை. இறக்கத்தின் கீழேயுள்ள அந்த ஒரு வளைவை உட்பக்கம் சரித்துக் கட்டுங்கள். இடமிருந்தால் அதையே பெரிய வளைவாக மாற்றுங்கள். விசை இறங்கிவிடும்.

இனி ரயில்கள். ஒரு ரயில் மட்டும் ஓடினால் வரிசை நீளும், காத்திருப்பவர்கள் சலித்துப் போவார்கள். ஆகவே இரண்டாவது ரயிலைச் சேர்ப்போம். முதல் இரண்டு வருடம் எல்லாம் நன்றாகவே நடக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது.

விளையாட்டின் ஒரு வருடம் மார்ச் முதல் ஒக்டோபர் வரையான எட்டு மாதங்கள்தான். ஒரு ரோலர் கோஸ்டருக்குப் பதினாறு மாத வயதாகி, அதன் நம்பகத்தன்மையும் 50 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிய பின்னரே பிரேக் செயலிழப்பு என்ற கோளாறு வரக்கூடும். வந்தால் நிலையத்தின் பிரேக் மட்டுமல்ல, வழியில் வைத்த சாதாரண பிரேக்குகளும் வேலை செய்யாது. வேகமாக வரும் ரயில், நிலையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும் ரயிலில் மோதும். ஆட்கள் இறப்பார்கள், பூங்காவின் மதிப்பீடு விழும், அந்தச் சவாரி பாதுகாப்பில்லை என்று பார்வையாளர்கள் ஏற மறுப்பார்கள்.

இதைத் தடுப்பதற்கு இயக்க முறையை Continuous circuit block sectioned mode என்று மாற்ற வேண்டும். பாதை பல பகுதிகளாகப் பிரியும், ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்குத்தான் இடம். இந்த முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்கள் ஓடும்போது பிரேக் செயலிழப்பு வரவே வராது. எத்தனை ரயில் விடலாம் என்பதற்குக் கணக்கு எளிது: பகுதிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழியுங்கள். நிலையம் ஒரு பகுதி, சங்கிலி ஏற்றத்தின் உச்சி ஒன்று, நிலையத்துக்குச் சற்று முன்னால் நாம் வைக்கும் Block brakes ஒன்று. மொத்தம் மூன்று, ஆகவே இரண்டு ரயில்கள். மூன்றாவது ரயில் வேண்டுமென்றால் இன்னொரு Block brakes வைக்க வேண்டும்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழி திறந்திருந்தாலும் இந்த பிரேக் ரயிலின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். தாழ்வான இடத்தில் வைத்தால் அடுத்த மேட்டை ஏற வேகம் போதாது, ரயில் பின்னோக்கி உருளும். உயரமான இடத்தில், அதற்கு அப்பால் ஓர் இறக்கம் வருமாறு வையுங்கள். வைத்த பிறகு மறுபடி சோதனை ஓட்டம் விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று நின்று வருகிறதென்றால், முன்னால் உள்ள ரயில் நிலையத்தில் அதிக நேரம் தங்குகிறது என்று அர்த்தம். குறைந்தபட்சக் காத்திருப்பு நேரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள்.

சங்கிலியின் வேகத்தையும் கூட்டலாம். ரயில்கள் சீக்கிரம் சுற்றி வரும். ஆனால் வேகம் கூடக் கூட நம்பகத்தன்மை விரைவாகத் தேயும், பழுதுகள் கூடும். என்னைக் கேட்டால், வரிசை உண்மையிலேயே நிரம்பி வழியும்வரை சங்கிலியைத் தொடாமல் விடுவதே நல்லது.

பராமரிப்புப் பக்கத்தில் நம்பகத்தன்மையின் சதவீதம் எப்போதும் தெரியும். பரிசோதனை இடைவெளி அநேகமாக 30 நிமிடமாக இருக்கும். அதை Every 10 minutes என்று மாற்றுங்கள். ஒவ்வொரு பரிசோதனையும் தேய்ந்த நம்பகத்தன்மையில் ஒரு பங்கை மீட்டுத்தரும். இதற்கு மெக்கானிக் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். அவர் சவாரியின் வெளியேறும் வாசல் வழியாகவே உள்ளே போவார். எங்கேயோ பூங்காவின் மறுகோடியில் திரிந்தால் வந்து சேர வெகுநேரமாகும். ஆகவே அந்த வாசலை உள்ளடக்கி ஒரு சிறு சுற்றுப்பகுதியைக் குறித்து, ஒரு மெக்கானிக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இத்தனையும் செய்தும் சதவீதம் தொடர்ந்து இறங்கினால் சவாரிக்கு வயதாகிவிட்டது. இடித்துவிட்டு அதே வடிவில் புதிதாகக் கட்டுவதே வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோதல் நடந்தால் ரயில் பெருஞ்சத்தத்துடன் வெடித்துச் சிதறும். திரையில் சிறிய உருவங்கள்தான், இரத்தம் எதுவும் காட்டப்படுவதில்லை. என்றாலும் அந்தச் சத்தத்தை எதிர்பாராமல் கேட்க விரும்பாதவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். விளையாட்டின் ஒலியை நிறுத்திவைக்கலாம். OpenRCT2 இல் பிரேக் செயலிழப்பை முற்றாக முடக்கும் தெரிவும் ஏமாற்றுக் குறுக்குவழிகளின் பட்டியலில் இருக்கிறது. மற்றக் கோளாறுகள் வழமைபோல் வரும், மெக்கானிக்குக்கு வேலை குறையாது.