மண் வாசனையும் மருந்துக் குப்பியும்



போன கோடையிலே கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு மானாவாரி நிலக்கடலைக் காட்டு வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். திருத்தணி மலைப் பக்கமிருந்து கருத்து வந்த மேகம் பத்து நிமிஷம் பெய்துவிட்டுப் போனது. செம்மண் கும்மென்று மணத்தது. பக்கத்திலிருந்த பெரியவர், “ஏன் சார், தண்ணிக்கும் வாசனை கிடையாது, காஞ்ச மண்ணுக்கும் வாசனை கிடையாது. ரெண்டும் சேர்ந்தா மட்டும் எங்கிருந்து வருது?” என்று கேட்டார். அவருக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்றைக்கு முழுசாகச் சொல்கிறேன்.

அந்த வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள். சாதியைப் பார்த்தால் இவை பாக்டீரியா. ஆனால் வளர்வதோ பூஞ்சாணம் மாதிரி நூல் நூலாக. தொழு உரக் குழியைக் கிளறும்போது சாம்பல் தூவினாற்போல் வெள்ளையாக ஒரு பொடி தெரியும் பாருங்கள், அதிலே பெரும்பகுதி இவைதான். (அந்தப் பொடியை மூச்சில் இழுக்காதீர்கள். சிலருக்கு நெஞ்சடைப்பும் இருமலும் வரும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளறுங்கள்.) நல்ல நிலத்து மண்ணில் ஒரு கிராமுக்கு லட்சக்கணக்கில் இருக்கும். புளிப்பு மண்ணிலும் தண்ணீர் தேங்கிய மண்ணிலும் குறைச்சல். காய்ந்து காய்ந்து நனையும் நம் பக்கத்து மானாவாரி மண் அவைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவைகளால் நகர்ந்து போக முடியாது. ஒரு துண்டு வைக்கோல் கிடைத்தால் அதற்குள் நூலைச் செலுத்தி, மற்ற பாக்டீரியாவால் சுலபத்தில் கரைக்க முடியாத நார்ப் பொருளையும் கரைத்துத் தின்னும். தீனி தீர்ந்துபோகும் சமயத்தில்தான் வேடிக்கை. அப்போது இது மேல்நோக்கிப் புது நூல்களை எழுப்பி, அவற்றின் நுனியில் விதை மாதிரி பொடியைக் கட்ட வேண்டும். அதற்குச் சத்து எங்கிருந்து வரும்? தன் பழைய நூல்களையே கரைத்து எடுத்துக்கொள்ளும். கதிர் முற்றும்போது அடி இலை பழுக்கிறதில்லையா, அந்த மாதிரி. ஆனால் கரைந்த சத்து வெளியே கசிந்தால் அக்கம்பக்கத்துப் பாக்டீரியா கூட்டம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சரியாக அந்த நேரத்தில்தான் இது ஒரு விஷப் பொருளைச் சுற்றிலும் விடுகிறது. அதுதான் ஆன்டிபயாட்டிக். விளைச்சலுக்குக் காவல் போடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் கருத்து.

தன் விஷம் தன்னைக் கொல்லாதா என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் செய்கிற இனம் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. உடம்புக்குள் இருக்கும்வரை அந்த மருந்தோடு ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவைத்து, வேலை செய்யாதபடி பூட்டி வைக்கிறது. வெளியே வந்தபிறகுதான் பூட்டு கழலும்.

இந்தச் சங்கதியை மருந்தாக மாற்றியவர் டாக்டர் இல்லை, நம்ம மாதிரி மண்ணைப் பார்த்தவர்தான். செல்மன் வாக்ஸ்மன் என்பவர் அமெரிக்காவில் ரட்கர்ஸ் விவசாயக் கல்லூரியில் படிக்கும்போதே, 1915 வாக்கில், கல்லூரிப் பண்ணையில் குழி தோண்டி எந்த ஆழத்தில் என்ன நுண்ணுயிர் என்று எண்ணிக்கொண்டிருந்தவர். 1939-இல் அவர் தன் மாணவர்களோடு வரிசையாகச் சலித்துப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தச் சலிக்கும் முறை சுலபமானது. ஒரு கிராம் மண்ணைக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கலக்கி, அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் திரும்பவும் தண்ணீரில் கலக்கி, இப்படி நாலைந்து தரம் மெலிதாக்குவார்கள். கடைசித் தண்ணீரில் சில சொட்டை, கடற்பாசிக் கஞ்சி உறைந்த தட்டில் தடவுவார்கள். இரண்டே நாளில் கொழகொழவென்று வருவது சாதாரண பாக்டீரியா. அதை விட்டுவிட்டு ஒரு வாரம் பொறுத்திருந்தால், சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல் காய்ந்த சிறு திட்டுகள் எழும். ஊசியால் நெம்பினால் சுலபத்தில் வராது, கஞ்சிக்குள்ளே வேர் விட்டிருக்கும். அதுதான் நாம் தேடுகிற ஆள்.

அவரைப் புதுத் தட்டில் ஒரே கோடாக நாற்றுப் பாவினமாதிரி இழுத்து சில நாள் வளரவிட்டு, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நோய்க் கிருமிகளைத் தனித்தனிக் கோடாக இழுக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் சில கிருமி கோட்டை முட்டும்வரை வளர்ந்திருக்கும். சில கிருமி விரற்கடை தூரம் ஒதுங்கி நிற்கும். ஒதுங்கினால் நடுவிலே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். எந்தெந்தக் கிருமி ஒதுங்கியது என்பதை வைத்து அந்த மருந்து யாரைக் கொல்லும், யாரை விடும் என்றும் ஒரே தட்டில் தெரிந்துவிடும்.

இதோடு முடிந்தால் நல்லது. கிருமியைக் கொல்வது எல்லாம் மருந்தாகாதே. 1940-இல் கிடைத்த ஆக்டினோமைசின் கிருமியோடு சேர்த்து எலியையும் கொன்றது. 1942-இல் கிடைத்த ஸ்ட்ரெப்டோத்ரிசின் முதலில் நன்றாகத் தெரிந்தது, சில நாள் கழித்துப் பார்த்தால் பிராணிகளின் சிறுநீரகம் கெட்டிருந்தது. 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் இரண்டு இடத்திலிருந்து ஒரே இனத்தைப் பிடித்தார். ஒன்று தொழு உரம் நிறையப் போட்ட வயல் மண், இன்னொன்று ஒரு கோழியின் தொண்டை. அதிலிருந்து வந்ததுதான் காசநோய்க் கிருமியை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின். யார் கண்டுபிடித்தது என்று ஆசிரியரும் மாணவரும் கோர்ட்டு வரை போனார்கள், அது தனிக் கதை.

இந்த முறையை எடுத்துக்கொண்டு போனவர்களில் நமக்கு நெருக்கமான ஒருவர் இருந்தார். எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். பிறகு அமெரிக்கா போய், லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே 1944-இல் பெஞ்சமின் டக்கர் என்ற ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். வயது எழுபது தாண்டியது. அவர் செய்தது என்ன தெரியுமா? தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் ஊர் மண் கொஞ்சம் அனுப்புங்கள் என்று கேட்டார்.

1945-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் வில்லியம் ஆல்பிரெக்ட், சான்பார்ன் என்கிற சோதனைப் பண்ணையிலிருந்து மண் அனுப்பினார். 1888 முதல் பயிர்ச் சுழற்சி ஆராய்ச்சி நடந்த நிலம் அது. அதில் 23-ஆம் பாத்தி, தீவனப்புல் போட்ட பாத்தி. அந்த மண்ணிலிருந்து எழும்பிய ஒரு திட்டு பொன் மஞ்சளாக இருந்தது. எண் போட்டார்கள், ஏ-377 என்று. அதன் மருந்துக்கு ஆரியோமைசின் என்று பேர் வைத்தார்கள். ஆரியோ என்றால் லத்தீனில் பொன். பென்சிலின் ஒரு கூட்டம் கிருமியைத்தான் கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசினை ஊசியாகத்தான் போட வேண்டும். இதுவோ வாயால் விழுங்கலாம், இரண்டு கூட்டத்தையும் பிடித்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை இதுதான். 1948 ஜூலையில் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அதற்குப் பிறகு உலகமெல்லாம் மண் மூட்டை கட்டினார்கள். காசநோய்க்கு ஒரு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகுமே, அந்த ரிபாம்பிசினின் மூலம் 1957-இல் பிரான்சு தேசத்துப் பைன் காட்டு மண்ணில் கிடைத்தது. இப்போது பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஆக்டினோமைசீட்ஸ் வழி வந்தவை.

நம் நாட்டிலும் பாருங்கள். புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே ஆராய்ச்சி பார்த்த எம். ஜே. திருமலாச்சார் பயிர் நோய்ப் பூஞ்சாணங்களைப் படித்த விஞ்ஞானி. 1961-இல் பிம்ப்ரி மண்ணிலிருந்து ஹாமைசின் வந்தது. கொஞ்ச நாளில் ஆரியோபங்கின் வந்தது. இதிலும் அந்தப் பொன் என்ற சொல் இருக்கிறது. இந்த இரண்டும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது, பூஞ்சாணத்தைத்தான் கொல்லும். பூஞ்சாணத்தின் மேல்தோலில் பாக்டீரியாவுக்கு இல்லாத ஒரு கொழுப்புப் பொருள் உண்டு. அதைப் பற்றிக்கொண்டு தோலை ஓட்டையாக்கிவிடும். உள்ளே இருப்பது ஒழுகிப் போய்ச் சாகும்.

ஆரியோபங்கின் நம் தென்னைக்கு வந்து சேர்ந்தது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பாய்ச் சாறு வடிந்து மரம் பட்டுப்போன நோயைத் தஞ்சாவூர் வாடல் என்கிறோம். காரணம் கானோடெர்மா என்ற பூஞ்சாணம். இதற்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த முறைகளில் ஒன்று, ஆரியோபங்கின் சால் 2 கிராமும் மயில்துத்தம் 1 கிராமும் 100 மில்லி தண்ணீரில் கரைத்து வேர் வழியாகக் கொடுப்பது. பென்சில் பருமனில் உயிருள்ள வேரைச் சாய்வாக வெட்டி, கரைசல் உள்ள பாலிதீன் பையில் நுனி முங்கும்படி கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரமாக மூன்று தரம். மறுநாள் பையில் அளவு இறங்கியிருந்தால் வேர் குடித்திருக்கிறது. இறங்காவிட்டால் செத்த வேரை வெட்டியிருக்கிறீர்கள், வேறு வேர் பாருங்கள். சாறு வடிவது நாலைந்து அடி உயரம் ஏறிவிட்ட மரத்துக்கு இது பிரயோசனப்படாது. அந்த மரத்தை எடுத்து அடிவேரோடு கொளுத்துவதுதான் பக்கத்து மரங்களுக்கு நல்லது.

சலிக்கும் வேலை ஏன் பின்னால் மந்தப்பட்டது என்று கேட்டால், எந்த மண்ணைத் தோண்டினாலும் ஸ்ட்ரெப்டோத்ரிசினும் ஸ்ட்ரெப்டோமைசினும்தான் திரும்பத் திரும்ப வந்தன. சுலபமாகக் கிடைப்பவை தீர்ந்துவிட்டன. ஆனால் 2002-இல் ஒரு ஸ்ட்ரெப்டோமைசீஸின் மரபு முழுவதையும் படித்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட பொருள்களைச் செய்ய இருபதுக்கு மேற்பட்ட குறிப்புகள் அதில் எழுதியிருந்தன. ஆய்வகத்தில் அது செய்து காட்டியதோ சிலதான். தட்டில் நிம்மதியாகத் தின்னும்போது மற்றதைச் செய்யவேண்டிய அவசியம் அதற்கு வருவதில்லை. அக்கம்பக்கத்துப் பகையோடு சேர்த்து வளர்த்தும், பட்டினி போட்டும் அதைத் தூண்டிப் பார்க்கிற வேலை இப்போது நடக்கிறது.

பெரியவர் கேட்ட வாசனையை விட்டுவிட்டேனே. அந்தப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பேர். மழைத்துளி விழும்போது மண்ணிலிருந்து நுண் திவலையாக எழும்பி மூக்குக்கு வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் சில சமயம் மண் வாடை அடிக்கிறதே, அதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம்.