பொதுப் பங்கு வெளியீடு: விண்ணப்பம், ஒதுக்கீடு, முதல் நாள் விலை

ஒரு நிறுவனம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்று, அவற்றைப் பங்குச்சந்தையில் பட்டியலிடும் முறை பொதுப் பங்கு வெளியீடு எனப்படுகிறது. பேச்சுவழக்கில் ‘ஐபிஓ’. இந்தியாவில் 1992 வரை பங்கின் விலையை அரசே கட்டுப்படுத்தியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் பெரும்பாலும் மதிப்பைவிடக் குறைந்த விலையையே அனுமதித்தார். ஆகவே பங்கு கிடைத்தாலே லாபம் என்ற எண்ணம் வேரூன்றியது. 1977-இல் ரிலையன்ஸ் டெக்ஸ்டைல் 10 ரூபாய்க்கு வெளியிட்ட 28 லட்சம் பங்குகளுக்கு ஏழு மடங்கு விண்ணப்பம் குவிந்தது.

1992-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, ‘செபி’ சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. விலை நிர்ணயம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மலிவு விலை என்ற உத்தரவாதம் போய்விட்டது, ஆனால் பழைய எண்ணம் போகவில்லை.

அந்த எண்ணத்தை உலுக்கிய வெளியீடு ரிலையன்ஸ் பவர். 2008 ஜனவரி 15 முதல் 18 வரை விண்ணப்பம் பெறப்பட்டது. பங்கின் விலை 450 ரூபாய், சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. ஏறத்தாழ 73 மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. அந்த எண்ணிக்கையில் காற்றும் கலந்திருந்தது: பெருநிறுவன முதலீட்டாளர்கள் கேட்ட தொகையில் 10 சதவீதத்தை மட்டும் முன்பணமாகக் கட்டினால் போதும் என்பது அன்றைய விதி. வெளியீடு முடிந்த அடுத்த வர்த்தக நாளான ஜனவரி 21-இல் சென்செக்ஸ் 1,400 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பங்கு பட்டியலானது பிப்ரவரி 11-இல்தான். மும்பைச் சந்தையில் 547.80 ரூபாயில் தொடங்கி, அன்று மாலையே 372.50-இல் முடிந்தது. பங்கு கிடைத்தவர்களின் பணம் இடைப்பட்ட 24 நாளும் முடங்கிக் கிடந்தது. சந்தை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

பின்வந்த சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியையும் இந்தக் காற்றையும் குறிவைத்தவை. 2008-இலேயே ‘அஸ்பா’ முறை வந்தது. இதில் விண்ணப்பத் தொகை வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு கிடைத்தால்தான் கழிக்கப்படும். காசோலை அனுப்பிவிட்டு, பணம் திரும்பி வருமா என்று தபால்காரரை எதிர்பார்த்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. 2010-இல் பெருநிறுவனங்களும் முழுத்தொகையைக் காட்ட வேண்டும் என்றானது. 2016 முதல் அஸ்பா எல்லாருக்கும் கட்டாயம். 2019 முதல் சிறு முதலீட்டாளர்கள் யூபிஐ வழியே விண்ணப்பிக்கிறார்கள். 2023 டிசம்பர் முதல், வெளியீடு முடிந்த மூன்றாம் வேலைநாளில் பங்கு பட்டியலாக வேண்டும்.

இன்றைய விண்ணப்பத்துக்குத் தேவை பான் எண், டீமேட் கணக்கு, தன் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு. பங்குகள் ‘லாட்’ எனப்படும் கட்டுகளாகவே தரப்படும். ஒரு லாட்டின் மதிப்பு வழக்கமாக 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் இருக்கும். இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்பவர் சிறு முதலீட்டாளர். விலை வரம்புக்குள் இறுதியில் முடிவாகும் விலை எதுவானாலும் சம்மதம் என்பதற்கு ‘கட்-ஆஃப்’ என்ற தேர்வு உண்டு. அதை விட்டுவிட்டுக் குறைந்த விலையைக் குறிப்பிட்டவர், விலை உச்சவரம்பில் முடிவானால் ஒதுக்கீட்டுக்கே வரமாட்டார். ஒரே பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் போட்டாலும், அடுத்தவர் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கைப்பேசிக்கு வரும் யூபிஐ ஒப்புதலை நேரத்துக்குள் அழுத்த மறந்தவர்களின் விண்ணப்பமும் அப்படியே.

தொடர்ந்து லாபம் ஈட்டிய நிறுவனத்தின் வெளியீட்டில் சிறு முதலீட்டாளருக்குக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்க வேண்டும். லாப வரலாறு இல்லாத நிறுவனமென்றால் அது 10 சதவீதத்துக்கு மிகாது. இந்தப் பங்கைப் பிரித்துக்கொடுக்கும் விதத்தை 2012-இல் செபி மாற்றியது. முன்பு அதிகம் கேட்டவருக்கு அதிகம் என்ற விகிதாசார முறை இருந்தது. இப்போது இயன்றவரை ஒவ்வொருவருக்கும் ஒரு லாட். லாட் போதாவிட்டால் கணினிக் குலுக்கல்.

இதன் விளைவு பலருக்கும் பிடிபடுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு முதலீட்டாளருக்கு 36 லட்சம் பங்கு, லாட்டுக்கு 30 பங்கு என்றால் 1,20,000 லாட்கள் உள்ளன. ஆறு லட்சம் பேர் சராசரியாக இரண்டு லாட் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவை 12 லட்சம் லாட். செய்தியில் ‘10 மடங்கு’ என்று வரும். ஆனால் குலுக்கல் ஆட்களுக்கு இடையேதான். ஆகவே வாய்ப்பு பத்தில் ஒன்றல்ல, ஐந்தில் ஒன்று. 13 லாட் கேட்டவருக்கும் ஒரு லாட் கேட்டவருக்கும் அதே வாய்ப்பு. நெருக்கடியான வெளியீட்டில் கூடுதலாகக் கேட்பது பணத்தை முடக்குமே தவிர அதிர்ஷ்டத்தைக் கூட்டாது. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என நான்கு டீமேட் கணக்குகள் முளைத்ததற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

பட்டியலாகும் நாளில் காலை 9 மணிக்கு ஏல முறையில் ஆர்டர்கள் சேகரிக்கப்படும். மிக அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய விலை தொடக்க விலையாகும். 10 மணிக்கு வழக்கமான வர்த்தகம் ஆரம்பமாகும். அந்த ஏலத்துக்கு முன் அந்தப் பங்குக்கு அதிகாரபூர்வச் சந்தை விலை எதுவும் கிடையாது. ‘கிரே மார்க்கெட் பிரீமியம்’ என்று உலவுவது சட்டத்துக்கு வெளியே வாய்மொழியாக நடக்கும் பேரத்தின் விலை.

விற்கக் கிடைக்கும் பங்குகளும் கொஞ்சம்தான். நிறுவனரின் பங்குகளும் பழைய முதலீட்டாளர்களின் பங்குகளும் மாதக்கணக்கில் விற்கத் தடை. வெளியீட்டுக்கு முந்தைய நாளே வாங்கும் ‘ஆங்கர்’ முதலீட்டாளர்களின் பாதிப் பங்குக்கு 30 நாள், மீதிக்கு 90 நாள் தடை. ஒதுக்கீட்டில் ஏமாந்த லட்சக்கணக்கானோர் இந்தச் சிறு அளவைத் துரத்தினால் விலை எகிறும். 2023 நவம்பர் 30-இல் 500 ரூபாய் டாட்டா டெக்னாலஜீஸ் பங்கு 1,200-இல் தொடங்கியது அப்படித்தான்.

எதிர்ப்பக்கம் கடன் வாங்கி விண்ணப்பித்தவர்கள் நின்றார்கள். செல்வந்தர் பிரிவில் விகிதாசார முறை இருந்த காலத்தில், 200 மடங்கு விண்ணப்பமான 500 ரூபாய் பங்கு ஒன்றைப் பெற ஒரு செல்வந்தர் ஒரு லட்சம் ரூபாய்க்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஏழு நாள் கடனுக்கு சுமார் 192 ரூபாய் வட்டி. அவருக்கு அந்தப் பங்கின் அடக்க விலை 692; முதல் நாளே விற்றுக் கடனை அடைக்க வேண்டிய கட்டாயம். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய கடனுக்கு ஒருவருக்கு ஒரு கோடி ரூபாய் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது; இப்பிரிவிலும் குலுக்கல் முறை வந்தது.

விலையை ஆரம்பத்திலேயே உச்சியில் வைத்துவிட்டால் வாங்க ஆளிருக்காது. பேடிஎம் நிறுவனம் 2021-இல் 2,150 ரூபாய்க்கு விற்ற பங்கு, நவம்பர் 18 அன்று தேசியப் பங்குச்சந்தையில் 1,950-இல் தொடங்கி, 20 சதவீத அன்றாட வரம்பின் அடிமட்டமான 1,560-ஐத் தொட்டது. வெளியீட்டுக்கு வந்த விண்ணப்பம் இரண்டு மடங்குக்கும் குறைவு.

இங்கே ஒரு கண்ணி உண்டு. நல்ல வெளியீட்டில் எல்லாரும் முண்டியடிப்பதால் சிறு முதலீட்டாளருக்குக் கிடைப்பது அரிது. விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கும் வெளியீட்டில் கேட்டதெல்லாம் கிடைக்கும். பொருளியலாளர் கெவின் ராக் 1986-இல் இதைக் கோட்பாடாக எழுதினார். 27,870 கோடி ரூபாய் திரட்டிய ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் 2024 அக்டோபர் வெளியீட்டில் சிறு முதலீட்டாளர் பிரிவு பாதிதான் நிரம்பியது. முறையாக விண்ணப்பித்த எவருக்கும் குலுக்கல் தேவைப்படவில்லை. 1,960 ரூபாய்க்கு வாங்கிய அந்தப் பங்கு அக்டோபர் 22-இல், முதல் நாள் வர்த்தகம் முடிந்தபோது சுமார் 1,820 ரூபாயில் இருந்தது.