நூற்றைந்தா, நூற்றைம்பதா? கம்பம் பள்ளத்தாக்கின் கணக்கேடுகளும் தமிழ் எண்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் எழுதப்பட்ட பழைய கணக்கேடு ஒன்றைப் பிரிப்பவர், பெரும்பாலும் இரண்டு உலகங்களின் வரவுசெலவை ஒரே பக்கத்தில் பார்க்கிறார். 1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கியபின் விரிந்த நெல் வயல் ஒரு பக்கம். மேற்கே, அன்றைய திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த ஏலமலை மறுபக்கம். நெல்லுக்கும் நிலத்துக்கும் ஒருவகைப் பின்னம் வழங்கியது, ரூபாய்க்கு வேறொரு வகை. ஆகவே எண் குறிகளை மட்டும் மனப்பாடம் செய்தவரால் இந்த ஏடுகளைப் படித்துவிட முடியாது. ஒவ்வொரு வரியும் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

தமிழ் எண்முறையின் பழைய வடிவத்தில் இடமதிப்பு இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ௧ முதல் ௯ வரையான குறிகளும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகளும் உண்டு. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். வாயால் சொல்வதே கையால் எழுதப்பட்டது. ஒரு பத்து, ஒரு நூறு என்று சொல்வதில்லை அல்லவா? எழுத்திலும் முன்னால் ௧ வராது. ௰௫ என்றால் 15, ௱௫ என்றால் 105. ஆயிரக் குறி தனக்கு முன்னால் உள்ள தொகுதி முழுவதையும் பெருக்கும். அதனால் ௰௲ பத்தாயிரம், ௱௲ இலட்சம். பூச்சியத்துக்கு இங்கே வேலையே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட பாடநூல்கள் வழியாகப் பூச்சியமும் இடமதிப்பும் தமிழ்க் குறிகளோடு சேர்ந்தன. 1825இல் வெளிவந்த ‘கணித தீபிகை’ இந்த மாற்றத்தின் முக்கியமான அடையாளம். அதன்பின் 2,345 என்பதை ௨௩௪௫ என்றும் எழுத முடிந்தது. ஆனால் பள்ளியில் புதுமுறை நுழைந்த நாளிலேயே கடையில் பழைய முறை மறைந்துவிடவில்லை. எண்சுவடியை ஒப்பித்து வளர்ந்த கணக்குப்பிள்ளையின் கை பழக்கத்தை விடாது. ஒரே ஏட்டில் தேதி இடமதிப்பிலும் தொகை பழைய முறையிலும் இருந்தால் வியப்பதற்கில்லை. பழைய குறிகளைக் கண்டவுடன் ஏட்டுக்கு மிகப் பழமையான காலம் கற்பிப்பதும், இடமதிப்பைக் கண்டவுடன் பிற்காலத்தது என்று தள்ளுவதும் என் பார்வையில் ஒரே அளவு தவறானவை.

பின்னங்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கால், அரை, முக்கால், அதன் கீழே அரைக்கால் (1/8), மாகாணி (1/16) என்பது ஒரு வரிசை. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்பது இன்னொன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 1/20ஐயும் 1/80ஐயும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. இரண்டு வரிசைகளும் முந்திரியில் வந்து சேர்வதால், படிப்பவர் எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. கால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. இப்படி மாற்றினால் எல்லாம் முழு எண்ணாகவே கூடும்.

பணக்கணக்கில் மாகாணிக்குத் தனி வசதி இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் மாகாணி ரூபாய் ஓரணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா. பழைய பின்னம் புது நாணயத்துக்கு அப்படியே பொருந்தியது. பைதான் பொருந்தவில்லை. அணாவுக்குப் பன்னிரண்டு பை. ரூபாயில் ஒரு பை 1/192. அது முந்திரியில் முழுமையாக அடங்காது. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி பிரித்து எழுதும் வழக்கம் பின்னக் குறிகளை ஓரங்கட்டியதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வாசிக்கும் முறையை விளக்க மூன்று பற்று வரிகளை அமைத்துக்கொள்வோம். முதல் வரியில் ௹ ௰௨, அதையடுத்து அரைக்குறி. இரண்டாவதில் ௹ ௱௫வ; கடைசியில் இருக்கும் ‘வ’ எழுத்தல்ல, காலின் குறி. மூன்றாவதில் ௹ ௩௰௭, அதையடுத்து முக்கால் குறி. கீழே மொத்தம் ௹ ௱௫௰௫, அதோடு அரை. படித்தால் 12½, 105¼, 37¾, கூட்டினால் 155½. ஏட்டின் மொத்தமும் அதுவே. பெயர்ப்புப் படியில் இதை 155 ரூபாய் 8 அணா என்று எழுத வேண்டும்.

இரண்டாம் வரியின் ௱௫ஐ ஒருவர் நூற்றைம்பது என்று படித்தார் என்று வையுங்கள். மொத்தம் 200½ ஆகி, ஏட்டைவிட 45 கூடுதலாக வரும். 45 ஒன்பதால் வகுபடும். ஓர் இலக்கம் தன் இடத்தைவிட்டுப் பத்து மடங்கு இடத்துக்கு நகர்ந்தால் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். எனவே வேறுபாடு ஒன்பதால் வகுபட்டால் ௰, ௱ குறிகளை முதலில் சந்தேகிக்கலாம். வேறுபாடு வெறும் 2 என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்: ௪ ‘ச’ போலவும் ௬ ‘சு’ போலவும் இருப்பதால், வால் மங்கிய ஆறு நான்காகத் தெரியும். அந்த வால் இன்னும் சுழித்தால் ஆயிரத்தின் ௲. இவ்வகையில் மொத்தத் தொகை வரிதான் நமக்கு மிக நம்பகமான ஆசிரியர். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எழுதியவரே தவறாகக் கூட்டியிருக்கலாம். மொத்தத்துக்கு ஏற்றபடி வரியைத் திருத்தாமல், இரண்டையும் உள்ளபடி படியெடுத்து வேறுபாட்டைப் பக்கத்தில் குறிப்பதே முறை.

அணாவைக் காசாக மாற்றுவதிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்தபோது ஓரணா 6¼ நயா பைசா ஆனது. நடைமுறையில் ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று முழுமையாக்கினார்கள். பழைய ஏட்டின் ஒவ்வொரு வரியையும் அப்படி முழுமையாக்கினால் மொத்தம் ஒத்துவராமல் போகலாம். தசம மதிப்பு வேண்டுமானால் கூட்டல் சரிபார்த்தபின் தனிப் பத்தியில் தரலாம்.

ஏலமலைக் கணக்கில் நாணயமே மாறக்கூடும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. ௹ குறி இரண்டில் எதைச் சொல்கிறது என்பதை, சக்கரத்தில் எழுதிய வரியும் ரூபாயில் எழுதிய வரியும் சேர்ந்து வரும் இடத்தில்தான் உறுதி செய்ய முடியும். எல்லைப்புறம் என்பதால் ஒரு நன்மையும் உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘பராபவ ௵’ என்றால் 1846, 1906, 1966 எதுவும் ஆகலாம். பக்கத்தில் கொல்லம் ஆண்டு 1082 என்று இருந்தால் 1906-07 என்று உறுதியாகிவிடும். அந்தப் பராபவச் சித்திரையில் கொல்லம் 1081தான் நடந்தது. ஆவணியில்தான் 1082 பிறந்தது. ஆகையால் ‘பராபவ சித்திரை, கொல்லம் 1082’ என்று நாம் படித்தால், எங்கோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது.

கிராமக் கணக்குகளை இப்படி முழுமையாகப் படித்ததற்குச் சிறந்த முன்மாதிரி செங்கற்பட்டில் இருக்கிறது. 1767க்கும் 1774க்கும் இடையே தாமஸ் பர்னார்ட் நடத்திய அளவையோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகள் அவை. திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகள் 2001இல் நூலாக வந்தன. தேனிப் பகுதியில் பரம்பரைக் கர்ணங்கள் 1980இல் பதவியிழந்தபோது, ஏடுகள் அரசு அலுவலகத்துக்கும் வீட்டுப் பரணுக்குமாகப் பிரிந்திருக்கக்கூடும். தேடுபவர் இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டும்.

கணினியில் படியெடுப்பவர்களுக்கு ஒன்று. பத்து, நூறு, ஆயிரக் குறிகளும் ௳, ௴, ௵, ௶, ௷, ௸ ஆகியவையும் யூனிகோடில் முன்பே இருந்தன. தமிழ்ப் பூச்சியம் 2005இல்தான் சேர்ந்தது. பின்னக் குறிகள் 2019இல். அதற்கு முன் தட்டச்சான படிகளில் கால் என்பது வெறும் ‘வ’ எழுத்தாகவும், ஒன்று வெறும் ‘க’வாகவும் கிடக்கலாம். அவற்றில் எண்ணைத் தேடினால் அகப்படாது. தேடலை நம்பாமல், முதலில் மூலப் படத்தைத் திறந்து பத்தி பத்தியாக ஒப்பிட வேண்டும்.