நிலையான வைப்பு வட்டியில் 10 வீதம்: வங்கிப் படிவத்தின் சொற்களைப் புரிந்துகொள்ளல்

2025 ஏப்ரல் 1ஆம் திகதிக்குப் பின்னர் கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கத்து வங்கிக் கிளைகளில் நிலையான வைப்பு வைத்திருப்போர் பலர், கைக்கு வரும் வட்டி குறைந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். அதுவரை வட்டியில் 5 வீதமாகக் கழிக்கப்பட்ட வரி, அன்று முதல் 10 வீதமாக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு 2025இல் கொண்டுவரப்பட்ட திருத்தமே இதற்குக் காரணம்.

கழிக்கப்படுவது வைப்புப் பணத்தில் அல்ல, அதற்கு வரும் வட்டியில் மட்டுமே. 25 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 8 வீத வட்டிக்கு வைத்திருந்தால் ஓராண்டு வட்டி 2 இலட்சம் ரூபா. அதில் 20,000 ரூபாவை வங்கி கழித்து, வைப்பாளரின் பெயரில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துகிறது. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் இதே விதிதான்.

வருமானம் குறைந்தவர்கள் இந்தக் கழிப்பைத் தவிர்த்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வங்கியிடம் சுய பிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் போதும். ஆனால் அந்தப் படிவத்திலுள்ள சில சொற்களை நாம் பேச்சில் புரிந்துகொள்ளும் விதமும் சட்டம் சொல்லும் பொருளும் ஒன்றல்ல. அதனால் கொடுக்கக்கூடியவர்கள் கொடுக்காமல் விடுகிறார்கள், கொடுக்கக்கூடாதவர்கள் கையொப்பமிட்டுவிடுகிறார்கள்.

நிறுத்திவைத்தல் வரி

வங்கிக் கூற்றில் இது WHT அல்லது AIT என்ற எழுத்துகளோடு வரும். முதலாவதைத் தமிழில் நிறுத்திவைத்தல் வரி என்றும் பிடித்துவைத்தல் வரி என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது, முற்பண வருமான வரி. தமிழ்ப் பெயர் இடத்துக்கிடம் மாறுவதால், கூற்றைப் பார்க்கும்போது இந்த எழுத்துகளைத் தேடுவதே பாதுகாப்பு.

இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவரைப் பொறுத்தவரை இது முடிவான வரி அல்ல. ஆண்டு முடிவில் அவர் செலுத்த வேண்டிய வருமான வரிக்கு முற்பணமாக எடுக்கப்படும் தொகை. கணக்குப் பார்க்கும்போது வரி அதைவிடக் குறைவாக வந்தால் மிகுதியை மீளப்பெறலாம். கூடுதலாக வந்தால் எஞ்சியதைச் செலுத்த வேண்டும்.

18 இலட்சம் என்பது எதன் எல்லை?

ஒரு வரி மதிப்பீட்டு ஆண்டில் தமது மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாது என்று கருதுபவர் பிரகடனம் கொடுக்கலாம். வரி மதிப்பீட்டு ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. ஏப்ரல் 1 முதல் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரையான காலமே அது.

மதிப்பிடத்தக்க வருமானம் என்பது சம்பளம், வியாபார இலாபம், வீட்டு வாடகை, எல்லா வங்கிகளிலிருந்தும் வரும் வட்டி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அந்த ஒரு வங்கியின் வட்டியை மட்டும் எண்ணி "நமக்கு 18 இலட்சம் எங்கே வருகிறது?" என்று கையொப்பமிடுவதே அடிக்கடி நேரும் பிழை. வரிவிலக்குப் பெற்ற வருமானம் இந்தக் கூட்டலில் சேராது. அரசாங்க ஓய்வூதியம் அப்படிப்பட்ட ஒன்று.

வரிவிதிக்கத்தக்க வருமானம் என்பது இதற்கு அடுத்த படி. மதிப்பிடத்தக்க வருமானத்திலிருந்து தனிநபர் நிவாரணம் போன்றவற்றைக் கழித்த பின் எஞ்சுவது அது. தனிநபர் நிவாரணமும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக இருப்பதால் குழப்பம் கூடுகிறது. பிரகடனத்தில் கேட்கப்படுவது நிவாரணத்தைக் கழிப்பதற்கு முந்திய தொகை.

இருவரின் கணக்கு

மேலே சொன்ன அதே 25 இலட்சம் ரூபா வைப்பு இருவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒருவர் கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரச ஆசிரியை. மாதம் 60,000 ரூபா ஓய்வூதியம் பெறுகிறார். வீட்டின் மேல்மாடியை 30,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓய்வூதியம் கணக்கில் வராது. ஆண்டு வாடகை 3,60,000, வட்டி 2,00,000, ஆக மொத்தம் 5,60,000 ரூபா. இவர் தயங்காமல் பிரகடனம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், செலுத்தத் தேவையில்லாத 20,000 ரூபா ஆண்டுதோறும் கழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

மற்றவர் பேராதனையில் தனியார் நிறுவனமொன்றில் மாதம் 1,40,000 ரூபா சம்பளம் பெறுபவர். மாதச் சம்பளம் ஒன்றரை இலட்சத்துக்கு உட்பட்டதால் சம்பளத்தில் வரி கழிக்கப்படுவதில்லை. ஆகவே தாம் வரி எல்லைக்கு வெளியே இருப்பதாக அவர் நினைக்கக்கூடும். ஆனால் ஆண்டுச் சம்பளம் 16,80,000, வட்டி 2,00,000, மொத்தம் 18,80,000 ரூபா. எல்லையை 80,000 ரூபாவால் தாண்டிவிட்டார். பிரகடனம் கொடுக்க முடியாது.

அதற்காக அவர் 20,000 ரூபாவை இழந்துவிட்டார் என்றும் பொருளில்லை. நிவாரணத்தைக் கழித்தால் வரிவிதிக்கத்தக்க வருமானம் 80,000 ரூபா. முதல் 10 இலட்சத்துக்கான வரி வீதம் 6 என்பதால் அவரது உண்மையான வரி 4,800 ரூபா மட்டுமே. வங்கி கழித்ததோ 20,000. மிகுதி 15,200 ரூபாவை அவர் கோரலாம். அதற்கு வங்கியிடமிருந்து வரி கழித்த சான்றிதழைப் பெற்று, ஆண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

படிவத்தைக் கொடுக்கும்போது

பிரகடனத்துக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. படிவங்களில் இது TIN என்றிருக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அந்த இடத்தில் எழுதக்கூடாது. ird.gov.lk தளத்திலோ கண்டியிலுள்ள திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்திலோ இதற்குப் பதிவுசெய்யலாம். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும் என்ற பயம் பலரிடம் உண்டு. இலக்கம் அடையாளம் மட்டுமே. வரி செலுத்த வேண்டுமா என்பதை வருமானமே தீர்மானிக்கிறது.

வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகவும், ஒவ்வொரு வரி மதிப்பீட்டு ஆண்டுக்கும் புதிதாகவும் பிரகடனம் கொடுக்க வேண்டும். சென்ற ஆண்டு கொடுத்தது ஏப்ரலில் காலாவதியாகிவிடும். ஏப்ரல் மாத வட்டி வரவானதும் கூற்றைப் பார்த்தால், படிவம் ஏற்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். படிவம் சேரும் முன் கழித்துத் திணைக்களத்துக்கு அனுப்பிய தொகையைப் பொதுவாக வங்கி திருப்பித் தராது. அதைத் திணைக்களத்திடமே கோர வேண்டும்.

பிரகடனம் ஒரு சட்ட ஆவணம். தெரிந்தே பொய்யான விபரம் கொடுப்பது தண்டனைக்குரியது. படிவத்தின் மொழி விளங்காவிட்டால், "மதிப்பிடத்தக்க வருமானம்" எந்த இடத்தில் இருக்கிறது என்று அலுவலரிடம் கேட்டுவிட்டே கையொப்பமிட வேண்டும். திணைக்களத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தொலைபேசியில் கேட்க விரும்புவோர் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.