இலக்கம்

வடமொழி ‘லக்ஷ’ தமிழில் ‘இலக்கம்’ ஆனது. நூறாயிரம் என்பதும் அதன் பொருள். இன்று எண்ணைக் குறிக்கும் குறி என்பதே முதன்மைப் பொருள். இலங்கையில் வீட்டு எண்ணும் இலக்கம்தான்.

தமிழ் இலக்கங்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். படமெடுத்து அனுப்பிய ஒரு கணக்கில் ‘௨௱௪௰௬ + 15’ என்றிருக்கிறது. முதல் எண்ணில் ஐந்து குறி இருப்பதால் ஐந்திலக்க எண் என்று எண்ணிவிடக் கூடாது. ௱ நூறு, ௰ பத்து. முன்னிருக்கும் இலக்கத்தால் அவற்றைப் பெருக்க வேண்டும். இரு நூறு, நாற்பது, ஆறு: 246. விடை 261. பழைய முறையில் பன்னிரண்டு என்பது ௰௨. அங்கே ௰-ஐ 10 என்று பெயர்த்து 102 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. இடமதிப்பு முறையில் அதே எண் ௧௨.

படத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ௪, ‘ச’ போன்றது. ௬, ‘சு’ போன்றது. கீழே சுழியும் வால் நிழலில் மறைந்தால் 246, 244 ஆகி, விடை 259 என்று வரும். நல்லவேளையாக இந்த எண்ணிலேயே இரண்டும் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி, ௰-க்கு முன்னும் பின்னும் உள்ள குறிகளை ஒப்பிட்டால் போதும். ௧, ௯ (‘க’, ‘கூ’) என்ற இணைக்கும் இதே சோதனைதான். ௨-ஐப் பற்றிக் கவலை குறைவு: 2 என்று படித்தாலும் மதிப்பு மாறாது.